மூன்றாம் கவுண்ட்டர் முகவரிகள்

"ஃபோன் வரலேன்னா ஒண்ணுமில்லேன்னு அர்த்தம்க்கா. நிம்மதியா இரு."

இதை அக்காவிடம் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கொஞ்சம் எரிச்சலோடும் சொன்னேன்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில். பிரிவு என்று பெயர்தான் பெரிது. சீஃப் ஒருவர், நான் ஒருத்தி, நடுவில் ஓயாமல் இரையும் ஒரு ஏசி. அச்சு இயந்திரத்தில் பேப்பர் சிக்கினாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள், யாருக்காவது பாஸ்வேர்டு மறந்துபோனாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் இலவசப் பரிசோதனை எங்கள் ஆஸ்பத்திரியில் வருஷம் முழுக்க நடக்கும். வருகிறவர்கள் கவுண்ட்டரில் பெயர் பதிந்துகொண்டு, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். படத்தை டாக்டர் பிறகு பார்ப்பார். சந்தேகம் இருந்தால் முடிவுக் கட்டத்தில் 'R' என்று போடுவார். திரும்பக் கூப்பிட வேண்டும் என்று பொருள். இல்லாவிட்டால் 'N'. R வாங்கியவர்களை ஃபோனில் கூப்பிடுவது ஒரு நர்ஸின் வேலை. அவரை எல்லோரும் சிஸ்டர் என்போம்.

முன்பெல்லாம் சிஸ்டர் திரையைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் கையால் எழுதி எடுப்பார். மாதத்தில் இரண்டு நாள் அதற்கே போகும். "கண்ணு பூத்துப் போகுதுடி, ஏதாவது பண்ணேன்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புவார். நானும் ஒரு மதியம் உட்கார்ந்து புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பதிவு சிஸ்டத்திலிருந்து மாதக் கடைசியில் ஒரு சிஎஸ்வி ஃபைல் இறக்கிக்கொள்ளலாம். ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, கட்டத்துக்குக் கட்டம் நடுவில் ஒரு கமா. பதிவு எண், பெயர், வயது, முகவரி, ஃபோன், முடிவு, குறிப்பு, மொத்தம் ஏழு. என் புரோகிராம் ஃபைலை வரி வரியாகப் படிக்கும், கமா வந்த இடத்திலெல்லாம் வெட்டும், ஆறாவது துண்டு R ஆக இருந்தால் சிஸ்டரின் பட்டியலில் சேர்க்கும். இரண்டு நாள் வேலை இரண்டு நொடியில் முடிந்தது. சிஸ்டர் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். சீஃப் மீட்டிங்கில் என் பெயரைச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சோதனைக்கு நானே அடித்த நாலு வரி ஃபைலில் முதல் தடவை ஓட்டியபோது அது ஒரு இடத்தில் முரண்டு பிடித்து நின்றது. ஃபைலின் கடைசியில் ஒரு காலி வரி. அதில் ஏழு துண்டு ஏது? 'ஏழுக்குக் குறைவாக இருந்தால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ' என்று ஒரு வரி எழுதினேன். அப்புறம் மளமளவென்று ஓடியது. எத்தனை வரியை விட்டது என்று எண்ணிச் சொல்லவும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

முதல் மாதம் வந்த பெண்கள் இருநூற்று நாற்பது பேர். ஃபைலில் இருந்தது முந்நூற்று அறுபத்து மூன்று வரி. அதைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். குறைந்திருந்தால் பதறியிருப்பேன். கூடத்தானே இருக்கிறது, தலைப்பு, காலி வரி என்று ஏதாவது குப்பை சேர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். சந்தேகத்துக்கு ஃபைலை எக்செலிலும் திறந்து பார்த்தேன். எல்லாம் கட்டம் கட்டமாக, அச்சடித்ததுபோல் சரியாக இருந்தது.

"இந்த மாசம் பேரு கொஞ்சம் கம்மியா இருக்கே?" என்றார் சிஸ்டர்.

"நல்லதுதானே சிஸ்டர், ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்றேன் நான். வாய்க் கொழுப்பு.

அடுத்த மாதம்தான் அக்காவை இழுத்துக்கொண்டு வந்தேன். அக்கா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். ஊசி மருந்து என்றால் ஊரைக் கூட்டுவாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி, நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு வம்பை விலைக்கு வாங்கணும்?" என்று ஆறு மாதம் டிமிக்கி கொடுத்தாள். கடைசியில், என் ஆபீஸைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று பொய் சொல்லி அழைத்து வந்து வரிசையில் நிறுத்தினேன். வழியெல்லாம் திட்டினாள்.

பதிவுக்கு மூன்று கவுண்ட்டர்கள். முதல் இரண்டிலும் இளவட்டங்கள். முகவரி என்றால் 'தண்ணித்தொட்டி தெரு 12' என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். மூன்றாவதில் இருப்பவர் அப்படியல்ல. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, எந்த மாடி, எதற்குப் பின்புறம், எந்தப் பக்கம் வாசல் என்று எல்லாம் கேட்டு, உறையின் மேல் எழுதுவதுபோல் ஒவ்வொன்றாக அடிப்பார். கமா போடுவார். என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போவார். முன்பு அவருக்கு வந்த வேலைக் கடிதம் ஒன்று அரைகுறை முகவரியால் வீடு வந்து சேராமல் போயிற்றாம், அன்றிலிருந்து இப்படி. நான் அவரைத் தபாலம்மா என்று கூப்பிடுவேன். அவர் வரிசை எப்போதும் நீளம்தான்.

"நின்னாலும் பரவாயில்ல, நீ மூணாவதுல நில்லு" என்று அக்காவிடம் சொன்னேன். "மத்த ரெண்டும் பேரையே தப்பா அடிக்கும். தபாலம்மான்னா உன் விஷயத்துல ஒரு புள்ளி பிசகாது."

உண்மையிலேயே ஒரு புள்ளி பிசகவில்லை.

அதற்கப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை அக்கா கேட்பாள். "என்னடி, ஃபோன் ஒண்ணும் வரலையே?" நான் சொன்ன பதிலை முதலிலேயே எழுதிவிட்டேன்.

பத்து மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கழுத்தில் அளவு நாடா தொங்க, மெஷினை நிறுத்திவிட்டு, "இங்க கொஞ்சம் வா" என்று உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். என் கையைப் பிடித்து இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். கல் மாதிரி இருந்தது.

"எத்தனை நாளாக்கா?"

"நாலு மாசம் இருக்கும்."

"நாலு மாசமா! உனக்கென்ன பைத்தியமா? ஏன் சொல்லல?"

"கத்தாத. இப்பத்தானே படம் எடுத்தோம், ஒண்ணுமில்லேன்னு நீதானே சொன்ன? சதைக் கட்டியா இருக்கும்னு விட்டுட்டேன். உன்னைத் தொல்லை பண்ணினா எரிஞ்சு விழுவியேன்னும்..." என்றாள்.

மறுநாள் காலையில் டாக்டர் அக்காவை உள்ளே வைத்துப் பார்த்தார். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், முடிவு வர ஒரு வாரம். வந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். புற்றுநோய், அக்குள் முடிச்சுகளுக்கும் போயிருக்கிறது, முதலில் ஆபரேஷன், பிறகு மற்றதெல்லாம் என்றார். அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அவளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு டாக்டர் என்னை மட்டும் நிறுத்தினார்.

"போன வருஷப் படத்துலயே சின்னதா இருந்திருக்கு. நான்தான் R போட்டிருக்கேன், பாருங்க. ஆஸ்பத்திரியிலேயே வேலை பாக்கறீங்க, கூப்பிட்டும் கூட்டிட்டு வரலைன்னா எப்படிம்மா? அப்பவே வந்திருந்தா கதையே வேற."

"யாரும் கூப்பிடல டாக்டர்" என்றேன்.

மாடிப்படியில் நான் ஏறியது எனக்கே நினைவில்லை. சிஸ்டரின் பட்டியலில் அந்த மாதத்தைத் தேடினேன். அக்கா இல்லை. சிஸ்டர் கூப்பிட மறந்துவிட்டார் என்று இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன், அந்தக் கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். மூல ஃபைலை எக்செலில் திறந்தேன். அக்கா இருந்தாள். பெயர், வயது, மூன்று வரியாக அழகாக மடிந்த முகவரி, ஃபோன், R. எல்லாம் அதனதன் கட்டத்தில்.

அதே ஃபைலை நோட்பேடில் திறந்தேன். அதில்தான் என் புரோகிராம் பார்த்தது எனக்கும் தெரிந்தது. கட்டம் எதுவும் இல்லாத வெறும் எழுத்து. அக்காவின் பதிவு எண், பெயர், வயது, அப்புறம் ஒரு மேற்கோள் குறி, "கதவு எண் 12/3, முதல் மாடி, என்று வந்து அந்த வரி அங்கேயே முடிந்தது. அடுத்த வரியில் தண்ணித்தொட்டித் தெரு, என்று மட்டும். அதற்கடுத்த வரியில் பழைய பஸ் டிப்போ பின்புறம்" என்று மேற்கோள் மூடி, ஃபோன், R, குறிப்பு.

பதிவு சிஸ்டம் ஒரு தப்பும் செய்யவில்லை. கட்டத்துக்குள்ளேயே கமாவோ என்டரோ வந்தால் அந்தக் கட்டத்தை மேற்கோள் குறிக்குள் அடைத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. குறி திறந்ததிலிருந்து மூடும்வரை எல்லாம் ஒரே கட்டம், நடுவில் வரும் கமா வெட்டும் கமா அல்ல, நடுவில் ஒடியும் வரி புது ஆள் அல்ல. எக்செலுக்கு அது தெரியும். என் புரோகிராமுக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அக்காவை மூன்று வரியாகப் பார்த்தது. வரி முடிவில் நிற்கும் கமாவுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தையும் ஒரு துண்டாக எண்ணினால், முதல் வரியில் ஆறு துண்டு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு. எதிலும் ஏழு இல்லை. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று நானே சொல்லியிருந்தேன், அது சொன்னபடி போய்விட்டது.

என்டர் தட்டாமல் கமா மட்டும் போட்ட முகவரிகள் இன்னும் மோசம். அதில் எல்லாமே ஒரு இடம் தள்ளிப்போய், ஆறாவது துண்டில் ஃபோன் நம்பர் உட்கார்ந்திருந்தது. ஃபோன் நம்பர் R இல்லையே. அவர்களையெல்லாம் நலமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டது.

ஆக, அக்கறையாக முகவரி எழுதிய தபாலம்மாவின் வரிசையில் நின்ற அத்தனை பேரும் காணாமல் போயிருந்தார்கள். அரைகுறையாகத் தட்டிய கவுண்ட்டர்களில் ஒருத்திகூட விடுபடவில்லை.

புரோகிராமைத் திருத்தினேன். சிஎஸ்வியை ஒழுங்காகப் படிக்கிற கருவி ஏற்கெனவே இருக்கிறது, நான் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டு வரியை அழித்து இரண்டு வரி எழுதினேன். நாலு நிமிஷம். பதினோரு மாத ஃபைல்களையும் திரும்ப ஓட்டி, பழைய பட்டியலில் இருந்தவர்களைக் கழித்தேன். நாற்பத்தியோரு பெண்கள் மிஞ்சினார்கள். பதினேழாவது வரிசையில் அக்கா. அவளைக் கூப்பிட இனி என்ன இருக்கிறது, நீக்கிவிடலாம் என்று அந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தேன். அழிக்கக் கை வரவில்லை. இன்னொரு தடவை அவளை நானே பட்டியலிலிருந்து எடுப்பதா என்று இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

சீஃபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டார்.

"இனிமே முகவரியில கமா போடக் கூடாது, என்டர் தட்டக் கூடாதுன்னு கவுண்ட்டர்களுக்கு ஒரு சர்க்குலர் விடுவோம். அந்த மூணாம் கவுண்ட்டர் அம்மாகிட்ட ஒரு விளக்கக் கடிதம் வாங்கிட்டா..."

"சார், வாயில ஏதாவது வந்துடும் எனக்கு. அந்தம்மா என்ன தப்பு பண்ணாங்க? முகவரியை முகவரி மாதிரி எழுதினாங்க. கடிதம் வேணும்னா நான் எழுதறேன். என் தப்புன்னு எழுதறேன்."

"உணர்ச்சிவசப்படாத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நீங்க பாக்க வேண்டாம் சார். பட்டியலைப் பாருங்க."

கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவர் அதற்குள் தபாலம்மாவைக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார். அந்தம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். "நான் கமா போட்டதாலயாம்மா இப்படி ஆச்சு? நல்லா எழுதினா நல்லதுன்னுதானே..." அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் அவர் தலையை ஆட்டியபடியே இருந்தார். நம்பவில்லை.

அன்றே கூப்பிட ஆரம்பித்தோம். பட்டியலைச் சிஸ்டர் மூன்றாகப் பிரித்தார். முதல் பக்கம் எனக்கு, இரண்டாவது தானும் கூப்பிடுகிறேன் என்று வந்து நின்ற தபாலம்மாவுக்கு, மூன்றாவது சிஸ்டருக்கு. ஐந்தாவது ஃபோனை ஒரு ஆண் எடுத்தார். நான் மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தேன். போன வருஷம் எடுத்த படத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது, தயவுசெய்து அவரை அழைத்து வாருங்கள் என்று.

"எங்கேருந்து கூட்டிட்டு வரச் சொல்ற?" என்றார் அவர். "அவ போய் ஏழு வாரம் ஆச்சு. கடைசி வரைக்கும் உங்க ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன் வரலேன்னுதான் சொல்லிட்டிருந்தா. இப்பத்தான் நேரம் கிடைச்சுதா உங்களுக்கு?"

அவர் வைத்த பிறகும் நான் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன். சிஸ்டர் வந்து அதை வாங்கி வைத்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போ, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம். போ, போய் அக்காகூட இரு" என்றார். என் அக்காவுக்கு ஆபரேஷன் என்று அவருக்குத் தெரியும். அவள் ஏன் இத்தனை தாமதமாக வந்தாள் என்று தெரியாது. அவளும் அந்தப் பட்டியலில் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மறுநாள் அட்மிஷன். துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இரண்டு அவளே தைத்திருந்தாள், ஆபரேஷனுக்குப் பிறகு கையைத் தூக்க முடியாதாம். "காஜா எடுக்க நேரமில்ல, பிரஸ் பட்டன் வெச்சுட்டேன்" என்று காட்டினாள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் பயப்படுவாள், ஆபரேஷன் முடியட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தது நான்தான்.

அப்போதுதான் அவள் ஃபோன் அடித்தது.

"ஆமா, நான்தான் பேசறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அட்ரஸா? ஆமாம்மா, கதவு எண் பன்னண்டுக்கு மூணு. முதல் மாடி. ஆமா, டிப்போ பின்னாடி. எல்லாம் சரியாத்தான் இருக்கு." மறுபடி கேட்டாள். "ஐயையோ, நீங்க எதுக்குங்க அழறீங்க? சரி, சரி. வர்றேம்மா."

ஃபோனைக் கட்டிலில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஃபோன் வந்துடுச்சு" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கமா, மேற்கோள் குறி, மூன்று வரி, ஏழு துண்டு எல்லாம். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, கொட்டினேன். முடிந்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தனை பேரு?"

"நாப்பத்தியொண்ணுக்கா. உன்னையும் சேத்து."

"எல்லாருக்கும் பேசியாச்சா?"

"பேசிட்டிருக்காங்க."

அவள் தலையை ஆட்டினாள். மடித்த சட்டையை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"கட்டி கைக்குத் தட்டுப்பட்ட அன்னைக்கே உனக்கு ஃபோன் பண்ண எடுத்தேன் தெரியுமா?" என்றாள். "நம்பரும் போட்டேன். அப்புறம், அதான் வரலேன்னா ஒண்ணுமில்லேன்னு சொல்லியிருக்காளே, சும்மா ஏன் நச்சரிக்கணும்னு கட் பண்ணிட்டேன்."

"அக்கா..."

"கையைப் புடிக்காத. கொஞ்ச நேரம் வெளிய இரு. உன் மூஞ்சியைப் பாக்க முடியல எனக்கு இப்போ."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவள் என்ன தைக்கிறாள் என்று தெரியவில்லை. போய்க் கேட்கத் துணிச்சலும் இல்லை. பையைத் தூக்க யாராவது வேண்டும், அதற்காவது கூப்பிடுவாள் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.